பிஎச்டி விண்ணப்பத்துக்கு ரைட்டிங் சாம்பிள்: எந்த அத்தியாயத்தை அனுப்புவது, எதை வெட்டுவது?

வைகைக்கரை

அமெரிக்காவில் வரலாற்றுத் துறைகளுக்கு பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறேன். கடைசித் தேதிகள் எல்லாம் டிசம்பர் முதல் பாதியில் வருகின்றன. எஸ்ஓபி ஓரளவு முடிந்துவிட்டது, ரைட்டிங் சாம்பிளில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் எம்.ஏ. ஆய்வேடு தாது வருஷப் பஞ்சம் பற்றியது, அதாவது 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம். மொத்தம் நான்கு அத்தியாயங்கள். அனுப்பலாம் என்று தோன்றுவது இரண்டு. இரண்டாம் அத்தியாயம் வைஸ்ராய் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிளுக்கும் டாக்டர் கார்னிஷுக்கும் நடந்த கூலிச் சண்டை பற்றியது. நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று டெம்பிள் 1877 தொடக்கத்தில் குறைத்தார், சென்னையின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அது உயிர் வாழவே போதாது என்று எழுதினார், மே மாதம் சென்னை அரசு கூலியை ஏற்றியது. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதியது, நன்றாகக் கோத்து வந்திருக்கிறது, கைடுக்கும் இதுதான் பிடிக்கும்.

நான்காம் அத்தியாயம் வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் என்கிற கேலிச் செய்யுள் நூல் பற்றியது. 1899இல் அச்சானது. இதை எழுதும்போதுதான் எனக்கு உண்மையில் ஆர்வமாக இருந்தது, ஆனால் 11,000 சொல், அங்கங்கே வாதம் அறுந்துபோயிருக்கிறது.

பெரும்பாலான துறைகள் இரட்டை வரி இடைவெளியில் 25 பக்கம் என்கின்றன. ஒன்று மட்டும் 15. இரண்டு அத்தியாயங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டி அனுப்பலாமா? முன்னால் ஏதாவது அறிமுகம் எழுத வேண்டுமா? எஸ்ஓபியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் அச்சும் மனு எழுதும் வழக்கமும் என்றுதான் ஆய்வுத் திட்டம் சொல்லியிருக்கிறேன்.

ரவி_எக்கோ

சந்தேகமே வேண்டாம், இரண்டாம் அத்தியாயம். சுத்தமாக இருப்பதை அனுப்புங்கள். கமிட்டிக்கு நேரம் கிடையாது, வாதம் அறுந்துபோன கட்டுரையைப் பார்த்தால் அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார்கள். ஜர்னலில் ஏதாவது வந்திருந்தால் அது இன்னும் நல்லது, பிரசுரமானது என்றாலே ஒரு முத்திரை இருக்கிறது. அடிக்குறிப்பையெல்லாம் எடுத்துவிட்டால் பாதி இடம் மிச்சம். நான் பொருளாதாரத்தில் பிஎச்டி முடித்தவன், எங்கள் பக்கம் இப்படித்தான்.

பழைய_சுவடி

ரவி சொல்வதில் முதல் பாதி சரி. சுத்தம் முக்கியம்தான். மற்றதில் உடன்பாடில்லை, அடிக்குறிப்பை எடுப்பதில் சுத்தமாகவே இல்லை. வரலாற்றில் அடிக்குறிப்பு இல்லாத சாம்பிளைப் பார்த்தால் இவர் எந்தக் கட்டை அவிழ்த்துப் படித்தார் என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. நான் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன், சேர்க்கைக் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தச் சாம்பிளை இரண்டு விதமான ஆட்கள் படிப்பார்கள். ஒருவர் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர், இடைக்கால ஐரோப்பாவோ அமெரிக்க உள்நாட்டுப் போரோ படித்தவர். அவர் முதல் நாலைந்து பக்கம் படிப்பார், பிடித்தால் மேலே போவார். இன்னொருவர் உங்களுக்கு நெறியாளராக வரக்கூடிய தெற்காசிய வரலாற்றாளர். அவர் முழுவதும் படிப்பார், அடிக்குறிப்பு உட்பட. முதல் ஆளுக்குப் புரிய வேண்டும், இரண்டாவது ஆளுக்குப் புதிதாக இருக்க வேண்டும்.

இப்போது டெம்பிள், கார்னிஷ் அத்தியாயத்தை அந்த இரண்டாவது ஆள் கையில் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சண்டையை வில்லியம் டிக்பி 1878லேயே இரண்டு பெரிய தொகுதிகளில் எழுதிவிட்டார். டேவிட் ஆர்னால்ட் 1984இல் இதே பஞ்சத்தை விவசாயிகள் பக்கமிருந்து எழுதினார். மைக் டேவிஸ் 2001இல் எழுதியபிறகு டெம்பிள் கூலி என்பது தெற்காசியா படிக்காதவர்களுக்கும் தெரிந்த கதை. உங்கள் அத்தியாயம் இவற்றுக்கு மேல் என்ன சேர்க்கிறது? ஏதாவது சேர்க்கலாம், நான் படிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, டிக்பியையும் ஆர்னால்டையும் மட்டும் படித்த ஒருவர் எழுதியிருக்க முடியாத வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். இரண்டு அத்தியாயத்திலும் செய்யுங்கள். எதில் கோடு அதிகமோ அதுதான் சாம்பிள்.

ஒட்டுப்போடுகிற யோசனை வேண்டாம். இரண்டு பாதிக் கட்டுரையைச் சேர்த்தால் வாதம் எங்கேயும் முடிவுக்கு வராது. ஒரு வாதத்தைத் தொடங்கி முடித்துக்காட்ட முடிகிறதா என்பதுதான் சாம்பிளில் பார்க்கிறதே.

இரண்டு கேள்வி. நான்காம் அத்தியாயம் என்ன வாதிடுகிறது, இரண்டே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? அந்த அத்தியாயத்தில் செய்யுள் முதல் முறையாக எந்தப் பக்கத்தில் மேற்கோளாக வருகிறது?

கடலூர்க்காரி

அறிமுகத்தில் உங்கள் ஊர், குடும்பம், பாட்டி சொன்ன பஞ்சக் கதை இதெல்லாம் இருந்தால் மனதைத் தொடும் தோழி. என் தங்கை அப்படித்தான் எழுதினாள், இடம் கிடைத்தது. ஏன் இந்தத் துறை, எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறேன் என்று தெளிவாக எழுதுங்கள்.

தேநீர்க்கடை

கடலூர்க்காரி, நீங்கள் சொல்வது எஸ்ஓபிக்கு. அவங்க கேட்பது ஆய்வுக் கட்டுரை மாதிரி, அதற்கு முன்னால் வைக்கிற குறிப்பு. அங்கே பாட்டி வந்தால் கார்னிஷ் கோபித்துக்கொள்வார்.

கடலூர்க்காரி

ஓ, சரி சரி. எஸ்ஓபி என்று நினைத்துவிட்டேன். இரண்டு தனித்தனியா!

வைகைக்கரை

பென்சில் வைத்துப் பார்த்தேன் சார். இரண்டாம் அத்தியாயத்தில் கோடு விழுந்தது மிகவும் குறைவு, காப்பகத்திலிருந்து ஒரு மாவட்டத்துக் கடிதங்கள் மட்டும்தான் புதிது, அதுவும் வாதத்தை மாற்றவில்லை. நான்காவதில் பின்பாதி முழுக்கக் கோடு.

வாதம் இதுதான். அந்த நூலில் பாண்டி நாட்டு மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் பஞ்சத்தைச் சொல்லி முறையிடுகிறார்கள், அவரோ தம்மால் ஆகாது என்று சிவகங்கை துரைசிங்க ராஜாவுக்குத் திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். இது பழைய பக்தி மரபை மட்டும் வைத்து எழுதியதில்லை, மனுவை வாங்கி மேலிடத்துக்குத் தள்ளிவிடுகிற சர்க்கார் நடைமுறையைப் பார்த்துப் பழகிய ஒருவர் செய்கிற கேலி என்கிறேன்.

செய்யுள் முதலில் வருவது பதினான்காம் பக்கம். அதற்கு முன்னால் அமர்த்தியா சென்னின் உரிமைக் கோட்பாடு, பஞ்சத்தின் காலவரிசை, முன் ஆய்வுகள், புலவர் வாழ்க்கை, நூல் அச்சான வரலாறு. திருவிளையாடலில் திருமுகங் கொடுத்த படலம் வருவதைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது, நம்பர் 61.

பழைய_சுவடி

61ஆம் அடிக்குறிப்பிலா! அதுதான் உங்கள் கட்டுரையின் அச்சாணியே.

யோசித்துப் பாருங்கள். பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சொக்கநாதர் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதுகிறார், அந்தப் பாட்டு பதினோராம் திருமுறையில் முதலாவதாகவே இருக்கிறது. அங்கே கடவுள் எழுதினால் அது கட்டளை, சேரமான் அள்ளிக் கொடுக்கிறார். வில்லியப்ப பிள்ளையிடம் அதே கடவுள் அதே ஊரிலிருந்து அதே காரியத்தைச் செய்கிறார், ஆனால் என்னால் முடியாது, அவரைப் போய்ப் பார் என்பதற்காகச் செய்கிறார். பழைய கதை தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும். அது தெரியாத இடைக்கால ஐரோப்பா ஆளுக்கு நீங்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் அவருக்கும் வரும், ஏனென்றால் கடவுளோ புனிதரோ எழுதிய கடிதம் அவர் படிப்பிலும் உண்டு. இதை உடலுக்குள் கொண்டுவாருங்கள், இரண்டாம் பக்கத்திலேயே. இதனால் நீளம் கூடும், பரவாயில்லை. வெட்டுவது என்றால் எல்லாம் சுருங்கணும் என்று அர்த்தமில்லை.

இப்போது கணக்கு. 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி என்றால் பக்கத்துக்கு 270 முதல் 300 சொல். அடிக்குறிப்பு ஒற்றை இடைவெளியில் நிற்பதால் கொஞ்சம் கூட அடங்கும். 25 பக்கத்துக்கு அடிக்குறிப்போடு சேர்த்து 7,000 சொல் என்று வையுங்கள். நூற்பட்டியல் பக்கக் கணக்கில் சேருமா என்பது துறைக்குத் துறை மாறும், பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், போடாவிட்டால் துறை அலுவலகத்துக்கு ஒரு வரி மெயில். ஆக 4,000 சொல் போகணும். எல்லாப் பத்தியிலும் ரெண்டு ரெண்டு வாக்கியமாகக் கிள்ளாதீர்கள், அப்படிச் செய்தால் மொத்தமும் மூச்சு வாங்கும். முழு முழுப் பகுதியாகத் தூக்குங்கள்.

முதலில் போகவேண்டியது சென். பஞ்சம் பற்றி எழுதினால் சென் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று நாம் எல்லோரும் பழக்கப்பட்டிருக்கிறோம், ஆனால் உங்கள் பின்பாதியில் உரிமைக் கோட்பாட்டை எங்கேயாவது பயன்படுத்துகிறீர்களா? செய்யுளைப் படிக்கும்போது அது வேலை செய்யவில்லை என்றால் முன்னால் நிற்க அதற்கு இடமில்லை. அடுத்தது முன் ஆய்வுகள். பல பக்கம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போவதற்குப் பதில் ஆர்னால்டோடு மட்டும் நேராகப் பேசுங்கள், அவர் விவசாயிகள் பஞ்சத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டவர், உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர். அவருக்கு ஒரு பத்தி, மற்றவர்கள் அடிக்குறிப்பில். காலவரிசை ஒரு பத்தி. புலவர் வாழ்க்கை இரண்டு வாக்கியம், சிவகங்கை அரண்மனையோடு அவருக்கு இருந்த தொடர்பு மட்டும், ஏனென்றால் திருமுகம் போய்ச் சேருவது அங்கேதானே. தன் புரவலருக்கே கடவுள் கடிதம் எழுதினார் என்று பாடுவதில் உள்ள குறும்பை ஒரு வரி சொல்லாமல் விடாதீர்கள்.

அச்சு வரலாற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். பஞ்சம் 1876–78, புத்தகம் 1899. தெற்காசிய வாசகர் இரண்டாம் பக்கத்தில் கேட்கப்போகிற முதல் கேள்வி இதுதான்: இருபது வருஷம் கழித்து அச்சான ஒன்று எதற்குச் சான்று? இடையில் 1896–97இல் இன்னொரு பஞ்சம் வேறு வந்துபோயிருக்கிறது. இந்தக் கேள்விக்கு உங்கள் அத்தியாயத்தில் பதில் இருக்கிறதா?

மெய்யியல்_மாணவன்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் தத்துவத் துறையில் சாம்பிள்தான் எல்லாமே, எஸ்ஓபியைப் பலர் கடைசியில்தான் பார்ப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் எம்.ஏ.வில் எழுதிய கட்டுரையை நீளம் குறைக்க எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்கிற பகுதியைத்தான் வெட்டலாம் என்று இருந்தேன், மூன்று எதிர்வாதம் இருந்தது. என் பேராசிரியை பார்த்துவிட்டு, மூன்றில் பலவீனமான இரண்டை எடுத்துவிட்டு, என்னை உண்மையிலேயே திணறடித்த ஒன்றை மட்டும் வைத்து அதை இரண்டு மடங்காக விரித்து எழுதச் சொன்னார். இங்கேயும் அந்த 1899 கேள்வி அப்படித்தான் என்று படுகிறது.

இன்னொன்று, என் சாம்பிளுக்கும் நான் செய்யப்போவதாகச் சொன்ன ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. யாரும் கேட்கவில்லை. அதனால் எஸ்ஓபியோடு பொருந்தணும் என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

ரவி_எக்கோ

தத்துவத்தில் கேட்காமல் இருக்கலாம். வரலாற்றில் அச்சும் மனுவும் பற்றிச் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு தானியக் கூலி பற்றிச் சாம்பிள் அனுப்பினால் ஏன் என்று கேட்க மாட்டார்களா? அந்த வகையில் நான்காம் அத்தியாயமே சரி என்று இப்போது தோன்றுகிறது. அடிக்குறிப்பு விஷயத்தில் நான் சொன்னதை விட்டுவிடுங்கள், எங்கள் கட்டுரைகளில் அது குறைவு. ஆனால் பிரசுரமானதை அனுப்பலாம் என்பதில் என்ன தப்பு?

பழைய_சுவடி

தப்பு ஒன்றுமில்லை ரவி. நல்ல கட்டுரை பிரசுரமாகியிருந்தால் அனுப்பலாம். ஆனால் முத்திரைக்காக அனுப்புவதில் பயனில்லை. கமிட்டி கட்டுரையைத்தான் படிக்கிறது, எந்த ஜர்னல் என்பது சி.வி.யிலேயே தெரிந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு போடுகிற ஜர்னலாக இருந்தால் அது எதிராகவே போகும். இருவர் சேர்ந்து எழுதியது என்றால் இன்னும் சிக்கல், எது உங்கள் கை என்று தெரியாது.

பொருத்தம் பற்றி: அதே தலைப்பாக இருக்கத் தேவையில்லை, அதே மாதிரி வேலையாக இருந்தால் போதும். தமிழ் அச்சு நூல்களைப் படிக்கப்போகிறேன் என்பவர் தமிழ் அச்சு நூல் ஒன்றைப் படித்துக் காட்டினால் மொழியும் இருக்கிறது, படிக்கவும் தெரிகிறது என்று நிரூபணமாகிவிடும். இரண்டாம் அத்தியாயம் முழுக்க ஆங்கில ஆவணம். அதை அனுப்பினால் எஸ்ஓபியில் தமிழ் தெரியும் என்று சொல்வதை அவர்கள் நம்பிக்கையின் பேரில்தான் எடுத்துக்கொள்ளணும்.

வைகைக்கரை

1899க்கு அத்தியாயத்தில் பதில் பாதிதான் இருக்கிறது. அதைப் பஞ்சத்தின் நேரடிச் சாட்சியாக எடுக்கவில்லை, பஞ்சம் எப்படி நினைவில் வைக்கப்பட்டது, அந்த நினைவு எந்த வடிவத்தில் அச்சுக்கு வந்தது என்பதற்குச் சான்று என்று எழுதலாம் என்று இப்போது தோன்றுகிறது. எப்போது இயற்றப்பட்டது, எப்போது அச்சானது என்பதைப் பிரித்து ஒரு பத்தி எழுதுகிறேன்.

சார் சொன்னபடி பெரும் பகுதிகளைத் தூக்கியதில் 7,400 சொல் வந்துவிட்டது. செய்யுள் இப்போது மூன்றாம் பக்கத்தில். முன்குறிப்பு ஒன்று எழுதினேன், சாம்பிள் ஆங்கிலம்தான், இங்கே தமிழில் போடுகிறேன்:

“இந்தக் கட்டுரை என் முதுகலை ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. இடக் கட்டுப்பாடு காரணமாகக் கோட்பாட்டுப் பகுதியும் முன் ஆய்வுகளும் வரலாற்றுப் பின்னணியும் நீக்கப்பட்டுள்ளன, எனவே சில இடங்கள் முழுமையற்றதாகத் தோன்றலாம். ஆய்வேடு நான்கு அத்தியாயங்களைக் கொண்டது. முதல் அத்தியாயம் பஞ்சக் கோட்பாடுகளை ஆராய்கிறது, இரண்டாம் அத்தியாயம் நிவாரணக் கூலி விவாதத்தை ஆராய்கிறது, மூன்றாம் அத்தியாயம் செய்தித்தாள்களை ஆராய்கிறது. என் நெறியாளரின் வழிகாட்டுதலுக்கு நன்றி. பஞ்சம் என்பது இன்றும் உலகெங்கும் முக்கியமான பிரச்சினையாக இருப்பதால் இந்த ஆய்வு பொருத்தப்பாடு உடையது.”

தேநீர்க்கடை

கடைசி வாக்கியம் பள்ளிக் கட்டுரைப் போட்டி.

பழைய_சுவடி

தேநீர்க்கடை சொல்வது நியாயம். அதைவிடப் பெரிய பிரச்சினை இரண்டாவது வாக்கியம். படிக்கிறவரிடம் எதையெல்லாம் எடுத்துவிட்டேன், அதனால் இது முழுமையில்லை என்று நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். அவர் அதுவரை கவனித்திருக்கவே மாட்டார், இனிமேல் ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டை தேடுவார். எடுத்தது எது என்று சொல்லத் தேவையே இல்லை, இந்தப் பக்கங்களுக்குள் நுழைய என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். அத்தியாயப் பட்டியலும் போகட்டும். நன்றியும் இங்கே வேண்டாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன், உங்கள் கையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“இது 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம் பற்றிய என் முதுகலை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைச் சுருக்கி எழுதியது. ஆய்வேட்டின் முந்தைய பகுதி, நிவாரணம் கேட்டவர்களின் மனுக்கள் அரசு அலுவலகங்களுக்குள் எப்படிக் கைமாறின என்பதைக் காட்டுகிறது. இங்கே அந்த நடைமுறையை, 1899இல் அச்சான ஒரு தமிழ்க் கேலி நூல் எப்படிக் கடவுள் மேல் ஏற்றிப் பார்க்கிறது என்று ஆராய்கிறேன். மொழிபெயர்ப்புகள் என்னுடையவை.”

நான்கு வாக்கியம். இரண்டாவது வாக்கியம் எதற்கு என்றால், சர்க்கார் நடைமுறை அப்படித்தான் இருந்தது என்பதற்கான ஆதாரம் இந்த 25 பக்கத்தில் இருக்காது, ஆனால் வாதம் அதன் மேல் நிற்கிறது. அது வேறு இடத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். உங்கள் ஆய்வேட்டில் உண்மையிலேயே அது இருந்தால்தான் இப்படி எழுதலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்புக்குக் கீழே, ஒற்றை இடைவெளியில், சாய்வெழுத்தில் வைத்தால் முதல் பக்கத்தில் கால்வாசி போகும், அவ்வளவுதான். தனிப் பக்கம் வேண்டாம், சில போர்ட்டலில் அதுவும் பக்கக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வைகைக்கரை

மனுக்கள் மூன்றாம் அத்தியாயத்தில் கொஞ்சம், இரண்டாவதில் அந்த மாவட்டக் கடிதங்களில் கொஞ்சம் இருக்கின்றன சார். “காட்டுகிறது” என்று சொல்லுமளவுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் அந்தக் கடிதங்களில் இரண்டை மட்டும் எடுத்து இங்கே ஒரு பத்தியாக உள்ளே கொண்டுவரலாமா?

பழைய_சுவடி

அருமையான யோசனை. இரண்டாம் அத்தியாயத்தில் பென்சில் கோடு விழுந்தது அந்தக் கடிதங்களில்தானே. ஒரு மனு, அதன் மேல் அதிகாரி எழுதிய குறிப்பு, அது அடுத்த மேசைக்குப் போனது, அவ்வளவு போதும். அதன் பக்கத்திலேயே சொக்கநாதர் திருமுகம் எழுதுகிற இடத்தை வைத்தால் நீங்கள் வாதிடவே வேண்டாம், வாசகரே பார்த்துவிடுவார். அந்த நிலையில் முன்குறிப்பின் இரண்டாம் வாக்கியத்தை இன்னும் அடக்கமாக மாற்றிக்கொள்ளலாம்.

நூலகப்_பூச்சி

மேற்கோள் பற்றி யாரும் பேசவில்லை. செய்யுளைத் தமிழ் எழுத்தில் தருகிறீர்களா, ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறீர்களா, ஆங்கிலம் மட்டுமா? மூன்றும் தந்தால் பத்து வரிக் கண்ணிக்கு ஒரு பக்கம் போய்விடும். என்னைக் கேட்டால் மூலம் கட்டாயம் இருக்கணும், இலக்கியப் பகுப்பாய்வு செய்கிறவர் மூலத்தை மறைத்தால் சரியில்லை.

பழைய_சுவடி

இதில் என் சகாக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. உடலில் ஆங்கிலம், அடிக்குறிப்பில் மூலம் என்பது வரலாற்றில் வழக்கம். ஓசையையோ சொல் விளையாட்டையோ வைத்து வாதிடுகிற இடத்தில் மட்டும் மூலம் உடலுக்குள் வரட்டும் என்பேன்.

நூலகப்_பூச்சி

கேலி நூலில் எந்த இடம் ஓசை இல்லாத இடம்? தெற்காசிய மொழித் துறைகளுக்கும் விண்ணப்பித்தால் அவர்கள் மூலத்தைத்தான் முதலில் தேடுவார்கள். அங்கே நீங்கள் சொல்கிற வழி குறைவாகப் படும்.

பழைய_சுவடி

மொழித் துறைக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். வரலாற்றுத் துறைக்கு இன்னும் அடிக்குறிப்புதான் என் கட்சி. எப்படியானாலும் பிடிஎஃப் ஆக்கியபிறகு தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறதா என்று வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள், எழுத்துரு உட்பொதியாமல் வந்த ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை

இன்னும் 400 சொல் குறைய வேண்டும். செய்யுளிலிருந்து மூன்று பகுதிகளை விரிவாகப் படிக்கிறேன்: மக்கள் முறையிடுவது, கடவுள் கைவிரிப்பது, திருமுகம் எழுதுவது. கூடவே பஞ்சத்தில் மக்கள் பட்ட பாட்டை விவரிக்கிற நான்காவது பகுதி ஒன்று இருக்கிறது, அதுதான் நூலிலேயே அழகான இடம், எடுக்க மனமே வரவில்லை.

தேநீர்க்கடை

அதை எடுத்தால் வாதத்தில் ஏதாவது குறைகிறதா?

வைகைக்கரை

இல்லை.

மெய்யியல்_மாணவன்

அப்போ பதில் தெரிந்துவிட்டதே அக்கா. 

பழைய_சுவடி

எடுத்துத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் கேட்டால் பேசலாம். எடுத்தபிறகு செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, இதில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள். வெட்டிய பகுதியின் எலும்பு மீதிப் பகுதியில் துருத்திக்கொண்டு நிற்கும். “மேலே கண்டபடி”, “முதல் அத்தியாயத்தில் விவாதித்தது போல” என்பவற்றைத் தேடிப் பிடியுங்கள். சென் போய்விட்டார், ஆனால் பதினாறாம் பக்கத்தில் “உரிமை” என்று ஒரு சொல் விளக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அடிக்குறிப்பில் முதல் முறை முழு விவரமும் அடுத்த முறை சுருக்கமும் தருவீர்களே, முழு விவரம் வெட்டிய பகுதியோடு போயிருக்கும், சுருக்கம் மட்டும் அநாதையாக நிற்கும். எல்லாவற்றையும்விட முடிவுரை. அது இன்னும் பழைய 11,000 சொல்லுக்கான முடிவாக இருக்கும், பஞ்ச ஆய்வு முழுவதையும் மாற்றுகிறேன் என்று ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அதைப் புதிதாக எழுதுங்கள், இந்த 25 பக்கம் காட்டியதை மட்டும் சொல்லுங்கள்.

பஞ்சமும் தமிழும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் பின்னால் புரட்டிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

ரவி_எக்கோ

நான் படிக்கிறேன், அந்தத் தகுதி எனக்கு முழுசாக இருக்கிறது. அனுப்புங்கள். அந்த 15 பக்கம் கேட்கிற துறைக்கு என்ன செய்வீர்கள்? எழுத்து அளவைக் குறைத்தால்?

பழைய_சுவடி

ஐயோ, வேண்டாம். பார்த்ததும் தெரியும். முதல் 15 பக்கத்தை மட்டும் அனுப்புவதும் வேண்டாம், நடுவில் அறுந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு பதிப்பு: திருமுகங் கொடுத்த படலம், அந்த ஒரு மனு, சொக்கநாதர் திருமுகம் எழுதுகிற பகுதி, 1899 கேள்வி. மக்கள் முறையிடுவதும் கடவுள் கைவிரிப்பதும் ஆளுக்கு ஒரு பத்தியில் கதைச் சுருக்கமாகப் போகட்டும். ஆர்னால்ட் பத்தி பாதியாகட்டும்.

வைகைக்கரை

சரி சார். டெம்பிள், கார்னிஷ் பற்றி ஒரு பத்தி இன்னும் 25 பக்கப் பதிப்பில் இருக்கிறது, பஞ்சம் என்றால் அதை எதிர்பார்ப்பார்களோ என்று. எடுத்துவிடவா?

பழைய_சுவடி

இரண்டு வாக்கியமாக்கி வைத்துக்கொள்ளலாம். வெளியாளுக்குப் பஞ்சத்தின் கொடுமை எவ்வளவு என்று அந்த ஒரு பவுண்டு உடனே சொல்லிவிடும்.

நூலகப்_பூச்சி

நான் எடுக்கச் சொல்வேன். அந்தப் பெயர்கள் வந்த உடனே இதுவும் டெம்பிள் கதைதான் என்று தெற்காசிய ஆள் முடிவுகட்டிவிடுவார்.

வைகைக்கரை

இரண்டு விதமாகவும் எழுதி ரவி அண்ணாவுக்கு அனுப்புகிறேன், எதில் பின்னால் புரட்டுகிறார் என்று பார்ப்போம்.

ரவி_எக்கோ

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் வாரக் கடைசியில் படித்துவிடுவேன். பிடிஎஃபாகவே அனுப்புங்கள், எழுத்து உடைகிறதா என்றும் பார்த்துச் சொல்கிறேன்.